மஞ்சள் கட்டுரையை யாரிடம் கொடுப்பது? மதிப்பாய்வாளர் ஒதுக்கீட்டில் நான்கு வழிகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த மாநாட்டுக்கு இரண்டு முறை ஒதுக்கீட்டு வேலை பார்த்தேன். வந்த கட்டுரைகளை யார் யார் படிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை. முதல் முறை கையால் பிரித்தேன். கெடு முடிவதற்கு நாலு நாள் முன்னால் ஈரோட்டிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் கூப்பிட்டார். "ஏனுங்க சார், எனக்கு ஏழு பேப்பர் வந்திருக்குதுங்க. எங்க டிபார்ட்மென்ட்லயே இன்னொருத்தருக்கு ஒண்ணுகூட வரலீங்களாமே?" பதில் சொல்ல முடியவில்லை. அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் கை தானாக அங்கே போயிருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

அடுத்த முறை வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். 62 கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் என்றால் 186 மதிப்பாய்வு. கையில் 41 பேர். ஆளுக்கு 4 என்றால் 164, பற்றாது. ஆளுக்கு 5 என்றால் 205. பத்தொன்பது இடம் மிச்சம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் ஆறு பேர் பதிலே போடாமல் விட்டால் 35 பேருக்கு 175தான், மறுபடி பள்ளம். ஆறு பேர் பதில் போடாமலிருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். அதனால் எந்த வழியானாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இது தேறாவிட்டால் மற்ற புத்திசாலித்தனம் எல்லாம் வீண்.

வழிகளின் வித்தியாசம் 62 கட்டுரையில் கண்ணுக்குத் தெரியாது. மூன்றில் தெரியும். எங்களுக்கு வந்தவற்றைப் போலவே மூன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பம்ப் மோட்டார் சூடேறுவதை வெப்பக் கேமராவில் படம் பிடித்துப் பழுது கண்டுபிடிப்பது. இன்னொன்று, திருப்பூர் துணியில் சாயத்தின் நிறம் ஒரே மாதிரி ஏறியிருக்கிறதா என்று கேமராவால் பார்ப்பது. மூன்றாவது, வேகவைத்த மஞ்சளைச் சூரிய உலர்த்தியில் காயவைப்பது. படிக்க மூன்று பேர்: வெப்பவியல்காரர், கேமராக்காரர் (படச் செயலாக்கம்), சாய வேதியியல்காரர். ஆளுக்கு ஒரு கட்டுரை. பத்துக்கு இத்தனை என்ற பொருத்த மதிப்பெண் இதோ:

| கட்டுரை | வெப்பவியல் | கேமரா | சாயம் |
|---|---|---|---|
| மோட்டார் | 9 | 6 | 2 |
| துணி நிறம் | 3 | 9 | 5 |
| மஞ்சள் | 6 | 3 | 1 |

வரிசைப்படி கையால். எக்செல் தாளில் மேலிருந்து கீழே வருவோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மிச்சமிருப்பவர்களில் நல்லவரைக் கொடுப்போம். மோட்டார் முதலில் இருந்தால் வெப்பவியல்காரர் அதற்குப் போவார், துணிக்குக் கேமராக்காரர், கடைசியில் மஞ்சளுக்குச் சாயக்காரர்: 9, 9, 1. அதே கட்டுரைகளில் மஞ்சள் முதலில் வந்திருந்தால் மஞ்சளுக்கு வெப்பவியல் 6, அப்புறம் மோட்டாருக்குக் கேமரா 6, துணிக்குச் சாயம் 5. ஆறு வரிசைகளையும் போட்டுப் பாருங்கள், கடைசியில் நிற்பது யாரானாலும் சாயக்காரர்தான் கிடைப்பார். அதாவது மஞ்சள் கட்டுரை ஆறு மதிப்பெண் ஆளிடம் போகிறதா ஒரு மதிப்பெண் ஆளிடம் போகிறதா என்பதை, அந்த மாணவர் கெடு நாளில் எத்தனை மணிக்கு ‘சப்மிட்’ அழுத்தினார் என்பது தீர்மானிக்கிறது. என் முதல் வருடத் தாளில் 55-க்கு மேல் கட்டுரை எண் வாங்கியவர்களுக்கு வந்த மதிப்பாய்வுகளில் பாதி, "நன்று, ஆங்கிலத்தைத் திருத்தவும்" என்ற ஒற்றை வரிதான். தவறான ஆளிடம் போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஆட்களே தேர்ந்தெடுப்பது. தலைப்பும் சுருக்கமும் அனுப்பி, எது வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கச் சொல்வது. பெரிய மாநாடுகளில் இது வழக்கம். இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பட்டியலின் மேலே இருப்பவற்றில்தான் குறிகள் குவியும், கீழே வருமுன் சலித்துவிடும். அதனால் ஆளுக்கொரு வரிசையாகக் கலைத்து அனுப்பாவிட்டால், ஒரு கட்டுரைக்குப் பத்து பேர் குறித்திருப்பார்கள், இன்னொன்றுக்கு ஒருவரும் இல்லை. அப்புறம், நம் பக்கத்தில் கல்லூரிகள் நெருக்கம். ஒரே வழிகாட்டியிடம் படித்தவர்கள் சத்தியமங்கலத்திலும் இருப்பார்கள், பெருந்துறையிலும் இருப்பார்கள். நண்பனின் கட்டுரையைக் கேட்டு வாங்குவதற்கு இது திறந்த கதவு. அதைத் தடுக்க, எந்த ஒரு கட்டுரையும் எந்த ஒருவரிடமும் இத்தனை சதவீத வாய்ப்புக்கு மேல் போகாதபடி குலுக்கல் சேர்க்கும் முறையை 2020-ல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 41 பேர் உள்ள இடத்தில் குலுக்கினால் பொருத்தமானவர்தான் நழுவுவார். எனவே விருப்பக் குறியை நான் இரண்டுக்கு மட்டும் வைத்தேன்: "இது எனக்குத் தெரியாத துறை", "இது என் மாணவர் அல்லது என் கல்லூரி". இரண்டாவதைக் குறித்தால் அந்தக் கட்டம் முழுதாக அடைபடும்.

மொத்தத்தைக் கூட்டுவது. கணினியிடம் விட்டால் வழக்கமாக இதைத்தான் செய்யும். எல்லாக் கட்டங்களிலும் கொடுக்கப்படும் மதிப்பெண்களின் கூட்டல் அதிகபட்சமாக வர வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒருவர் என்ற எளிய வடிவத்துக்கு 1955-லேயே ஹரால்ட் கூன் வழி கொடுத்துவிட்டார், அதைத்தான் ஹங்கேரிய முறை என்கிறார்கள். டொராண்டோவில் லோரன்ட் சார்லினும் ரிச்சர்ட் ஜெமலும் உருவாக்கிய பொருத்தும் அமைப்பு, ஆய்வாளரின் பழைய கட்டுரைகளில் உள்ள சொற்களை வந்த கட்டுரையின் சொற்களோடு ஒப்பிட்டு மதிப்பெண்ணையும் தானே போட்டது. நான் சொல் ஒப்பிடலுக்குப் போகவில்லை. ‘உலர்த்தி’ என்ற சொல்லுக்காகத் துணி காயவைக்கும் ஆளிடம் மஞ்சள் போய்ச் சேரும். ஒவ்வொருவரையும் ஐந்து துறைச் சொற்களைத் தரச் சொல்லி, இரண்டு பேர் உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். இரண்டு மாலை ஆனது.

சரி, நம் மூன்றில் இந்த முறை எதைத் தருகிறது? 9, 9, 1. மொத்தம் 19. வேறு எந்த ஒதுக்கீடும் 17-ஐத் தாண்டாது. கணக்குப்படி இதுதான் சிறந்தது, ஆனால் மஞ்சள் கட்டுரை சாயக்காரரிடம் போய்விட்டது. கோளாறு கணினியிடம் இல்லை. கூட்டலுக்கு, ஒருவரின் எட்டு இழப்பும் இருவரின் நாலு நாலு லாபமும் சமம். இரண்டு துறைக்கு நடுவில் நிற்கும் கட்டுரைகள்தான் எப்போதும் இப்படி அடிபடுகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு யாரிடமும் ஒன்பது கிடைக்காது.

அடிமட்டத்தை உயர்த்துவது. மொத்தத்தை மறந்துவிட்டு, மிக மோசமாக மாட்டிய கட்டுரையின் மதிப்பெண் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயரட்டும் என்று கேட்பது. 6, 5, 6. மொத்தம் 17, அடிமட்டம் 5. மோட்டார் கட்டுரை 9-லிருந்து 6-க்கு இறங்குகிறது, உண்மைதான். ஆனால் வெப்பக் கேமராப் படத்தைக் கேமராக்காரர் படிப்பதில் மோட்டார்க்காரருக்கு ஒன்றும் குடிமுழுகாது. 2018-ல் ஸ்டெல்மாக், நிகர் ஷா, ஆர்த்தி சிங் ஆகியோர் எழுதிய முறை இதையே பல படிகளாகச் செய்கிறது: மிக மோசமானதை முதலில் உயர்த்தி நிறுத்தி, அப்புறம் அடுத்த மோசமானதுக்குப் போகும்.

எங்கள் அளவுக்கு அத்தனை வேண்டியிருக்கவில்லை. ஒரு குறுக்கு வழி போதும். ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழே உள்ள கட்டங்களை அடைத்துவிட்டு மொத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். எல்லையை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், முடியாது என்று நிற்கும் இடத்துக்கு முந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

```python
import numpy as np
from scipy.optimize import linear_sum_assignment

s = np.array([[9,6,2],[3,9,5],[6,3,1]])
for t in range(1, 10):
    m = np.where(s < t, -1000, s)
    r, c = linear_sum_assignment(m, maximize=True)
    if m[r, c].sum() < 0:
        break
    print(t, c, m[r, c].sum())
```

இது 5 வரை ஓடி 6-ல் நிற்கும். நான் தேர்ந்தது இதைத்தான். கூட்டல் முறையின் வேகமும் இருக்கிறது, யாரும் அனாதையாக விடப்படுவதும் இல்லை.

ஒரு கட்டுரைக்கு மூன்று பேர் என்று போகும்போது இந்தக் குறிப்பை அப்படியே நீட்டினால் வழுக்கும். கட்டுரை வரிசையை மூன்று முறையும் ஆள் வரிசையை ஐந்து முறையும் நகல் எடுத்து ஓட்டினேன். ஒரே பேராசிரியர் ஒரே கட்டுரையை மூன்று முறை படிக்க வேண்டும் என்று வந்தது! அவருடைய ஐந்து நகல்களும் தனித்தனி ஆட்கள் என்றுதான் நிரல் நினைக்கிறது. ஒரு கட்டுரைக்கும் ஓர் ஆளுக்கும் இடையில் ஒரு முறைக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டை நேரியல் நிரலாகவோ ஓட்ட வலையாகவோ எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படி எழுதினால் அரை ஆள், கால் ஆள் என்று விடை வராது, முழு எண்ணாகவே வரும், அது இந்தக் கணக்கின் அமைப்பு தரும் வசதி. எல்லையையும் மூன்று பேருக்கும் ஒரேயடியாக வைக்காதீர்கள். மூவரில் ஒருவர் கட்டாயம் 6-க்கு மேல், மற்ற இருவர் 3-க்கு மேல் என்று வைத்தோம், பெரும்பாலான கட்டுரைகளுக்குத் தேறியது.

பாரம் ஏறுவதற்கும் கூட்டல் முறையில் ஒரு காரணம் உண்டு. பல துறைகளில் எழுதியிருப்பவருக்கு எல்லா வரியிலும் நல்ல மதிப்பெண் விழும், அவர் உச்சவரம்பு வரை நிரம்பியபின்தான் மற்றவர்கள் பக்கம் திரும்பும். உச்சவரம்பு மட்டும் வைத்தால் ஐந்து வாங்கியவரும் ஒன்று வாங்கியவரும் ஒரே தாளில் இருப்பார்கள். ஆளுக்குக் குறைந்தது 3 என்று கீழ்வரம்பும் வைத்தேன். ஈரோட்டுப் பேராசிரியருக்கு இந்த முறை நாலு, அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் நாலு.

உண்மையான மஞ்சள் கட்டுரைக்கு எந்த முறையாலும் 6 கிடைக்கவில்லை. 41 பேரில் அதற்கு அதிகபட்சமே 4. ஒதுக்கீடு ஓட்டுமுன் ஒவ்வொரு கட்டுரை வரியிலும் உள்ள முதல் மூன்று உயர்ந்த மதிப்பெண்களைத் தனியாக எழுதிப் பார்த்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படி ஐந்து கட்டுரை இருந்தன. ஆள்தான் வேண்டும், நிரல் வேண்டாம். உணவுப் பதப்படுத்தல் படிப்பிக்கும் இருவரைக் கூப்பிட்டுச் சேர்த்தேன். ஒருவர், "மஞ்சள் மட்டும்னா பார்க்கறனுங்க" என்று சொல்லி அதை மட்டும் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கீழ்வரம்பை எடுத்துவிட்டேன்.

நடுவில் மூன்று பேர் விலகினார்கள். அப்போது முழுவதையும் மறுபடி ஓட்டக் கூடாது, பாதி படித்து முடித்தவர் கையிலிருந்து கட்டுரை பறிபோய்விடும். ஏற்றுக்கொண்ட கட்டங்களைப் பூட்டி, காலியான பதினோரு இடங்களை மட்டும் மிச்ச இடம் உள்ளவர்களிடம் ஓட்டினேன். இரண்டு இடத்துக்குப் பொருத்தமான யாரும் மீதியில்லை. அந்த இரண்டையும் நானே படித்தேன்.