“ஃப்ளேரே இருக்காது” என்று சொல்லும் கடையில் படத்தைக் கொடுக்கும் முன்

2019ல் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. மறுநாள் காலை எல்லோரும் பூம்புகார் கடற்கரைக்குப் போனோம். அங்கே சூரியனை எதிரே வைத்து நான் எடுத்த ஒரு படத்தில்தான் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். அம்மா இப்போது இல்லை. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட நினைத்தபோது இரண்டு கோளாறுகள் உறுத்தின. படத்தின் இடது பாதி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. அம்மாவின் வலது கன்னத்தில் பச்சை வட்டம் ஒன்று விழுந்திருந்தது.

சூரியன் மேலே இடது மூலையில் இருந்தது. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளுக்கிடையே ஒளி திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கும்போது இப்படி ஒரு வட்டம் விழும். இதையும் அந்த வெளுப்பையும்தான் ஃப்ளேர் என்பார்கள். பெரும்பாலும் வட்டம் படத்தின் நடுப்புள்ளிக்கு மறுபுறம், சூரியனுக்கு நேரெதிரே இருக்கும். அந்த இடத்தில்தான் அம்மா நின்றிருந்தார்.

ஒரு ரீடச்சிங் கடையில் கொடுத்தேன். “சார், ஒரு துளி ஃப்ளேர் இருக்காது, கியாரண்டி” என்றார் கடைக்காரர். 2,500 ரூபாய் முன்பணமாக வாங்கிக்கொண்டார். நான்கு நாளில் படம் வந்தது. வட்டம் இல்லை. ஆனால் கன்னத்தில் இருந்த மச்சமும் இல்லை, சிரிக்கும்போது விழும் கோடுகளும் இல்லை. மற்ற கன்னத்தின் தோலை நகலெடுத்து ஒட்டி, மேலே மழமழவென்று பூசியிருந்தார். சூரியனைச் சுற்றியிருந்த வெளுப்பையும் இழுத்து இறக்கியதில், சூரியன் சாம்பல் நிறத் தட்டாக மாறியிருந்தது. அந்த இடத்தில் கேமரா வெள்ளையைத் தவிர எதையும் பதியவில்லை. இருட்டாக்கினால் சாம்பல்தான் வரும்.

அவர் என்ன செய்தார் என்பதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. போட்டோஷாப்பில் ஒரிஜினலை அடியிலும் திருத்திய படத்தை மேலேயும் ஒரே அளவில் வைத்து, மேல் லேயரின் மோடை `Difference` ஆக்குங்கள். ஒளியை மட்டும் குறைத்திருந்தால் அந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டம்தான் தெரியும். என் படத்திலோ மச்சமும் கண்ணோரக் கோடுகளும் அப்படியே கருப்பின்மேல் எழுந்து நின்றன. முகத்தையே புதிதாக வரைந்திருந்தார்.

இதில் என்னை மிகவும் வருத்தியது வேறு. அவர் அழித்த தோல் அந்த வட்டத்துக்கு அடியில் பத்திரமாகவே இருந்தது. பத்திரிகையில் படப் பிரிவில் வேலை பார்க்கும் என் அத்தை மகன்தான் அதைக் காட்டினான். “மச்சான், ஃப்ளேர்னா மேல விழுந்த கூடுதல் வெளிச்சம். அடியில இருக்கிறதை அது அழிக்காது, 255ஐத் தொடாத வரைக்கும்” என்றான். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும், 255 என்றால் அந்த நிறம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வட்டத்துக்குப் பக்கத்தில் சுத்தமாக இருந்த தோலில் போட்டோஷாப் சிவப்பு 168, பச்சை 122 என்று காட்டியது. வட்டத்துக்குள் சிவப்பு 176, பச்சை 171. சிவப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, பச்சைதான் ஏறியிருக்கிறது. சிவப்புச் சானலை மட்டும் திறந்தால் மச்சம் தெளிவாகத் தெரிந்தது.

கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து அவன் தொடங்கினான். வெளுத்த பாதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, வெளுப்பைக் குறைக்கும் `Dehaze`-ஐக் கொஞ்சம் ஏற்றினான், கருப்பைச் சற்று இறக்கினான். சூரியனைத் தொடவேயில்லை. அப்புறம் வட்டத்துக்கு மாஸ்க் போட்டு `Curves`-இல் பச்சையை மட்டும் பிடித்து 171ஐ 135க்கு இறக்கினான். 122 வரை ஏன் போகவில்லை என்று கேட்டேன். போய்க் காட்டினான். வட்டம் முழுக்க ஒரே அளவு ஒளி விழுவதில்லை. நடுப்பகுதி சரியாக வரும்போது, ஒளி குறைவாக விழுந்த பகுதிகள் அளவுக்கு மீறி இறங்கி ரோஸ் நிறத்துக்குப் போய்விடுகின்றன, அதுவே புதுக் கறையாகத் தெரிகிறது. அதனால்தான் கொஞ்சம் மிச்சம் விட்டான். மிஞ்சிய பச்சையின் மேல் ஒரு லேயரை `Color` மோடில் வைத்து, காலை வெயிலின் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளை மென்மையான பிரஷால் தடவினான். வட்டத்தின் ஓரம் கரைந்தது. வெயில் கன்னத்தில் பட்டதுபோல் இருக்கிறது, தேடிப் பார்த்தால் தெரியும். ஆனால் முகம் அம்மாவுடையது.

ஆகவே கடையில் கொடுக்கும் முன் வட்டத்துக்குள் மூன்று சானல்களின் எண்களையும் நீங்களே பாருங்கள். ஒரு சானலாவது 255ஐத் தொடாமல் இருந்தால், “குறைத்துக் கொடுங்கள், ஒட்டவோ வரையவோ வேண்டாம், லேயரோடு ஃபைல் வேண்டும்” என்று எழுதியே கொடுங்கள். மூன்றும் 255 என்றால் அடியில் எதுவும் இல்லை. அங்கே யார் வேலை செய்தாலும் வரைந்துதான் ஆகவேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஃப்ளேர் போகணும்னுதானே சார் சொன்னீங்க, போயிடுச்சே” என்றார். தரவில்லை.