புது போர்ல மண் வருதா? மோட்டாரை உடனே நிறுத்துங்க. எனக்குப் போனது ₹1,25,000

பல்லடம் பக்கம் வீடு கட்டிட்டிருக்கோம். அங்க போன மாசம் ஆறரை இஞ்ச் போர், 420 அடி ஓட்டினோம். ஓட்டின கூலியும், மண் உள்ள சரியாம இறக்கற கேசிங் பைப்பும் சேர்த்து 90,000. மோட்டார், பைப், கேபிள் 35,000. ஆக ₹1,25,000. இன்னிக்கு அதுல ஒரு குடம் தண்ணி எடுக்க முடியல.

எங்க பகுதியில மேல மொரம்பு மண்ணு. அதைத் தாண்டி கெட்டிப் பாறை வர்ற வரைக்கும் கேசிங் இறக்கணும், அதோட அடிமுனை பாறையில உட்காரணும். ராத்திரி வேலை நடக்கும்போது ஏஜென்ட் சொன்னது அப்படியே காதுல நிக்குது: "95 அடியில பாறை வந்துருச்சுங்கண்ணா. அஞ்சு லென்த், 100 அடி கேசிங் இறக்கறோம். தூசிக்குள்ள நிக்காதீங்க, நீங்க போய் படுங்க, இது நம்ம வேலைங்க." காலையில பில்லுலயும் 100 அடின்னே போட்டிருந்தான். பணத்தை எண்ணிக் குடுத்தோம்.

மோட்டார் போட்டதும் கலங்கல். ஏஜென்டுக்குப் போன் பண்ணா, "புது போர்னா அப்படித்தாங்க, ஓட்டி விடுங்க, தெளிஞ்சிரும்." புது போர்ல முதல்ல கொஞ்சம் மண் வர்றது வழக்கம்தான், ஆனா ஓட்ட ஓட்டக் குறையணும். எங்களுக்கு நாளுக்கு நாள் ஏறுச்சு. வெள்ளை பக்கெட்டுல பிடிச்சு ராத்திரி வெச்சுட்டு காலையில பார்த்தா, அடியில ஒரு விரல் கனத்துக்கு மஞ்ச மண்ணு, நடுவுல காக்காப்பொன் மினுக்குது. அது பாறைத்தூள் இல்ல, மேல இருக்கற மொரம்பு! போட்டோ அனுப்பினேன். பார்த்துட்டான், பதில் இல்ல. ரிக் ஓனர் ஏஜென்டைக் கேளுங்கறார், ஏஜென்ட் ரிக் ஓனரைக் கேளுங்கறான். அதுக்குள்ள மோட்டார் இறுகிப்போச்சு. கழட்டிப் பார்த்தா இம்பெல்லர் தேஞ்சு, உள்ள பூரா மண்ணு. மண்ணுக்கு வாரண்டி கிடையாதாம்.

கடைசியில போருக்குள்ள கேமரா விட்டோம். கேசிங் 60 அடியோட நிக்குது! அதுக்குக் கீழ சுவர் சரிஞ்சு பொந்தா கெடக்கு. இறக்காத 40 அடி கேசிங்குக்கு, ஒரு அடி 450 வீதம் 18,000 ரூபாயைத் தின்னறதுக்காக என் ₹1,25,000-ஐயும் மண்ணாக்கிட்டான். இதைச் சொன்னதும் ஏஜென்ட் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

இப்ப எங்களுக்குத் தெரியற வழி, உள்ள சின்ன கேசிங்கை மொரம்பு தாண்டி இறக்கி, அதுக்குள்ள போற சின்ன மோட்டார் போடறது. அதுக்கும் பணம் வேணும். சரிஞ்ச மண்ணு எவ்வளவு ஆழத்துக்கு அடைச்சிருக்கோ, அதையும் முதல்ல அடிச்சு எடுக்கணும்.

போர் போடறவங்களுக்கு விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. இதை மட்டும் கேளுங்க. கேசிங் இறக்கும்போது வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு லென்த்தை எண்ணட்டும். எங்க பக்கம் மஞ்ச மண்ணு போய் சாம்பல் நிறத்துல பவுடர் பறந்தாத்தான் பாறை. பக்கெட்டுல மண்ணு ஏறிட்டே போனா ஓட்டி விடாதீங்க, ஓட்ட ஓட்டப் பொந்து பெருசாகி மோட்டாரே உள்ள புதைஞ்சிரும். கேமரா பார்க்காம முழுப்பணம் குடுக்காதீங்க.