நேரம் தள்ளி வருவதா, ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதா?

திருகோணமலை டவுனில் நான் வேலை செய்யும் சூப்பர்மார்க்கெட்டில் காசாளர்களுக்கு நெகிழ்வான ஷிஃப்ட் கேட்டு முன்மொழிவு எழுதியபோது மூன்று வழிகளைப் பார்த்தோம். நாளுக்கு 10 மணித்தியாலம் என்று நான்கு நாள் வேலை உடனே விழுந்துவிட்டது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், அதற்கு எந்த மனேஜர் கையெழுத்துப் போடுவார்?

இரண்டாவது, காலை 7க்கும் 9க்கும் இடையில் விரும்பிய நேரம் வந்து அதற்கேற்பப் போவது. கணக்குப் பிரிவுக்கு இது சரி. பில் கவுண்டரில், கிண்ணியா, மூதூர் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் எட்டரையைத் தேர்ந்தால் பள்ளி நேர நெரிசலுக்கு ஆள் இருக்காது.

நாங்கள் எழுதிக் கொடுத்தது மூன்றாவதை: ஷிஃப்ட் நேரம் மாறாது, ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், 48 மணித்தியாலம் முன்பே ரோஸ்டர் தாளில் இருவரும் ஒப்பமிட வேண்டும். வெள்ளி ஜும்ஆவுக்குப் போக வேண்டியவரும் ஞாயிறு பூசைக்குப் போக வேண்டியவரும் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். அதே கிழமைக்குள், முழுநாளுக்கு முழுநாள், அரைநாளுக்கு அரைநாள். அப்போது யாருக்கும் கிழமைக்கு 45 மணித்தியாலத்தைத் தாண்டாது. இரவு கடை மூடியவர் மறுநாள் காலை திறக்க முடியாது.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது அளக்க முடிவதுதான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆட்தொகை மாறாததால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். முதல் 4 கிழமை எதையும் மாற்றாமல் எண்ணுவது, பிறகு 12 கிழமை சோதனை. ராக்கை அடுக்கும் பிரிவு பழைய முறையிலேயே இருக்கும், ஏனென்றால் ஊரில் காய்ச்சல் பரவினால் இரண்டு பிரிவிலும் தெரியும். சித்திரைப் புத்தாண்டு, நோன்பு, தீபாவளி எதுவும் இந்த 16 கிழமைக்குள் விழக் கூடாது.

முக்கிய அளவு, சொல்லாமல் நின்ற ஷிஃப்ட். 24 பேர், ஆளுக்குக் கிழமைக்கு 6 ஷிஃப்ட், அரைநாளையும் சேர்த்து. நான்கு கிழமையில் 576. அதில் 35 விடுபட்டால் நூற்றுக்கு 6. அடுத்த நான்கு கிழமையில் 29 ஆனால் நூற்றுக்கு 5, பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் இரண்டு வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலே அந்த ஆறு வந்துபோகும். ஆகவே 12 கிழமைச் சராசரி நூற்றுக்கு 4க்குக் கீழே வந்தால்தான் வெற்றி என்று முன்கூட்டியே எழுதினோம். ஓவர்டைம் மணித்தியாலத்தையும் காசுப் பெட்டி வித்தியாசத்தையும் பக்கத்தில் பார்ப்போம்.

இதில் சிக்கல், மூத்தவர்கள் புதியவர்கள் தலையில் இரவு ஷிஃப்டைக் கட்டுவது. யாருக்கு எத்தனை இரவு விழுந்தது என்று ஆள்வாரியாக எண்ணினால்தான் பிடிபடும், சராசரியில் மறைந்துவிடும். 24 மணித்தியாலமும் திறந்திருக்கும் இடத்துக்கு இந்த முறை சரிவருமா என்று என்னால் சொல்ல முடியாது, எங்கள் கடை இரவு 9க்கு மூடுகிறது.

ஒரு கிழமையில் இரண்டு கவுண்டர் ஆளில்லாமல் நின்றால் சோதனை நிற்கும். 12 கிழமை முடிந்தும் நிர்வாகம் முடிவு சொல்லாவிட்டால் மறுநாளே பழைய ரோஸ்டர் தொடரும்.