பிள்ளை விளையாட்டில் வாங்கிவிட்டதா? கூகுள், விளையாட்டு நிறுவனம், வங்கி: பணத்தை எங்கே கேட்பது

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒன்பது வயதுச் சிறுவன் தந்தையின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விளையாட்டுக்குள் பயன்படும் 399 ரூபாய் வைரங்களை நான்கு முறை வாங்கிவிட்டான் என்றும், தந்தை ஞாயிறு இரவு மின்னஞ்சலில் ரசீதுகளைப் பார்த்தார் என்றும் வைத்துக்கொள்வோம். 1,596 ரூபாயைத் திரும்பக் கேட்க அவருக்கு மூன்று வழிகள் உள்ளன. அவற்றின் வலிமை சமமன்று.

முதலாவது கூகுள் பிளே. வாங்கிய நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே முடிவெடுக்கக்கூடும் என்பதால், திங்கள் மாலை 6 மணி வரை இதுவே சிறந்த வழி. play.google.com தளத்தில் 'Budget & order history' பகுதிக்குச் சென்று, 'Report a problem' என்பதை அழுத்தி, குடும்பத்தினர் ஒருவர் அனுமதியின்றி வாங்கியதாகக் காரணம் குறிப்பிட வேண்டும். நான்கும் தனித்தனி ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் GPA. என்று தொடங்கும் எண் இருப்பதால், ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு மற்றவையும் சேர்ந்து வரும் என்று காத்திருப்பது வீண். பதில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வரும். விண்ணப்பிக்கும் முன்பே, வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும் அமைப்பை இயக்கிவிடுவது நல்லது; கணக்கைப் பூட்டாமல் விட்டிருந்தால் அதையே காரணமாகக் காட்டிக் கூகுள் மறுக்கலாம்.

கெடு கடந்துவிட்டால் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடம்தான் போக வேண்டும். ஆர்டர் எண்ணையும் விளையாட்டுக்குள் இருக்கும் பயனர் எண்ணையும் தந்தால், அந்த நிறுவனத்தால் நேரடியாகப் பணத்தைத் திருப்ப முடியும். ஆனால் திருப்புவதா என்பது அதன் சொந்தக் கொள்கையைப் பொறுத்தது. வைரங்களைச் சிறுவன் ஏற்கெனவே செலவழித்திருந்தால் நம்பிக்கை குறைவு.

பலரும் முதலில் வங்கிக்கு ஓடுகிறார்கள். என் கணிப்பில் அது கடைசி வழி. வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுக்கும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, பணப் பரிமாற்ற விவரங்களைப் பகிர்ந்த அலட்சியத்தால் நேர்ந்த இழப்பை, புகார் தரும் வரை, வாடிக்கையாளர் தலையிலேயே வைக்கிறது. ஓடிபியும் சிறுவன் கையிலிருந்த அதே கைப்பேசிக்குத்தான் வந்திருக்கும். வங்கியின் பதிவில் அது முறையாக உறுதிசெய்யப்பட்ட பரிவர்த்தனை. இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணத்தை அட்டை நிறுவனத்திடம் மறுத்த வாடிக்கையாளர்களின் கணக்குகளை எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் முடக்கியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. அதன் ஃபோர்ட்நைட் விளையாட்டு தொடர்பான அந்த வழக்கில் 24.5 கோடி டாலர் தர 2022 டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஐபோனில் வழி இன்னும் எளிது: reportaproblem.apple.com தளத்தில் பிள்ளை வாங்கியது என்ற காரணமே பட்டியலில் உண்டு. கட்டணம் இன்னும் நிலுவையில் இருந்தால் மட்டும், அது முடியும் வரை விண்ணப்பிக்க இயலாது.

முன்பின் தெரியாத யாரோ வாங்கியிருந்தால் கூகுளுக்கு 120 நாள் வரை புகார் செய்ய தனிப் படிவம் இருக்கிறது. மகன் வாங்கியதற்கு, 48 மணி நேரம் தவறிவிட்டதே என்று அந்தப் படிவத்தை நிரப்புவது பொய்ப் புகாராகிவிடும்.