எண்ணை எடுப்பதா, எழுதுவதா? பிபி கருவிப் படத்துக்கு மூன்று வழிகள்

குன்னூரில் மருந்துக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் சென்ற தை மாதம் இரண்டு பொருள்களைக் கொடுத்துப் படம் கேட்டார். ஒன்று மேல்கையில் சுற்றும் பிபி கருவி, மற்றொன்று டிஜிட்டல் தெர்மாமீட்டர். “ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும் தம்பி, எண் பளிச்சென்று தெரிய வேண்டும்” என்றார். வெள்ளை எளிது. வெள்ளை அக்ரிலிக் தகடும் ஜன்னலும் போதும். மூடுபனி இறங்கிய காலையில் மலையே ஒரு பெரிய வெண்திரைதான். எண்தான் வதைத்தது.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. திரையில் உண்மையான எண் இருக்கும்போது ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். உடலுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என இரு படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். அல்லது வெறும் திரையைப் படமெடுத்து, எண்ணைக் கணினியில் எழுதலாம்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள். விரைவானது என்பதில் மறுப்பில்லை, ஆனால் பார்த்த நொடியில் பிடிபட்டுவிடும். இந்தக் கருவிகளின் திரை தானாக ஒளிர்வதில்லை. கண்ணாடிக்குள் கறுப்புக் கோடுகள் தோன்றுகின்றன, அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பிரதிபலிப்புத் தகடு இருக்கிறது. கோட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே கண்ணாடியின் கனம் இருப்பதால், ஒவ்வொரு கோட்டின் நிழலும் மயிரிழை தள்ளித் தகட்டில் விழும். பக்கத்தில் கருவி இருந்தால் ஜன்னலருகே சாய்த்துப் பாருங்கள்; 8 என்ற எண்ணுக்கு அடியில் வெளிறிய இன்னொரு 8 கிடக்கும். கணினியில் எழுதிய எண்ணுக்கு அந்த நிழல் இருக்காது, தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் போல மேலே மிதக்கும். எண்களின் சாய்வும் துடிப்பைக் காட்டும் இதயக் குறியின் இடமும் கருவிக்குக் கருவி மாறுபவை. வாங்கியவர் பெட்டியைத் திறந்து படத்தோடு ஒப்பிட்டால் வேறு பொருள் வந்ததாகவே நினைப்பார். எனவே இந்த வழி எனக்கு ஒத்துவராது.

ஒரே சொடுக்கு நேர்மையான வழி, ஆனால் அதில் இரண்டு தொல்லைகள். வெண்ணிற உடலுக்குச் சரியான ஒளி திரைக்குப் போதாது. சாம்பல் தகடு படத்தில் அழுக்கு நிறமாக விழுகிறது. திரைக்கு ஏற்ப ஒளியைக் கூட்டினால் உடலின் விளிம்பு வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடும். அதற்கு மேல், திரையை மூடிய பளபளப்பான பிளாஸ்டிக், ஜன்னலை அப்படியே திருப்பிக் காட்டும். போலரைசர் வடிகட்டியை மாட்டி மினுமினுப்பைக் குறைக்கலாம் என்று திருகினேன். ஒரு கோணத்தில் மினுமினுப்பு போனது, கூடவே திரையும் இருண்டு எண்களையும் விழுங்கியது. திரையிலேயே போலரைசர் படலம் ஒட்டியிருப்பதால் இரண்டும் குறுக்காகும்போது அப்படித்தான் ஆகும். வடிகட்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

மிஞ்சியது இரண்டு படங்களைச் சேர்க்கும் வழி. செய்த வரிசையைச் சொல்கிறேன், வரிசை மாறினால் வேலை கெடும்.

முதலில் கருவியின் அடியில் இருபுற டேப் ஒட்டித் தகட்டில் அசையாமல் நிறுத்தினேன். பட்டனை அழுத்தும்போது கருவி கொஞ்சம் நகர்ந்தாலும் இரு படங்களும் பொருந்தாது. கேமராவை ட்ரைபாடில் பூட்டி, நேர் மேலிருந்து பார்க்காமல், மேசைமுன் அமர்பவர் பார்க்கும் பக்கத்திலிருந்து சற்றுச் சரித்து வைத்தேன். மேசையில் வைத்துப் படிக்கும் கருவிகளின் திரை அந்தக் கோணத்தில்தான் நன்றாகக் கறுக்கும். துளை எஃப் 11, வேகம் முப்பதில் ஒரு நொடி.

பிறகு எண். மாடிப்படி ஏறிய கையோடு பட்டையைச் சுற்றினேன், 134/86 என்று காட்டியது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து மீண்டும் எடுத்தேன்: 122/78, துடிப்பு 74. சற்று நேரத்தில் திரை தானே அணைந்துவிடும். ஆனால் நினைவகப் பட்டனை அழுத்தினால் கடைசி அளவு மீண்டும் வரும். சட்டகத்தில் நின்ற கருவியின் அந்தப் பட்டனை அழுத்தி, திரையில் பிரதிபலிக்கும் இடத்துக்கு எதிரே கறுப்பு அட்டையைப் பிடித்து, ஒளியை ஒரு படி கூட்டித் திரைக்கான படத்தை முதலில் எடுத்தேன். அட்டையை எடுத்து வெள்ளை அட்டையை வைத்து, ஒளியைக் குறைத்து உடலுக்கான படம் இரண்டாவது. அதற்குள் திரை அணைந்தாலும் கவலையில்லை. சேர்க்கும்போது திரையின் சட்டத்துக்குள் மட்டும் முதல் படம், மற்றதெல்லாம் இரண்டாவது. நினைவகத்திலிருந்து வந்த அளவு என்பதைக் காட்டும் மூலைக் குறியை அழிக்கவில்லை. எண்ணை நான் தொடவே இல்லை.

நிழல் மட்டும் ஒருமுறை ஏமாற்றியது. ஒளி தாழ்வாகப் பக்கவாட்டில் வந்ததால் எண்கள் இரட்டித்துத் தெரிந்தன. மேசையை ஜன்னலுக்கு நெருக்கி, ஒளி உயரத்திலிருந்து விழும்படி செய்தபோது நிழல் கோட்டுக்கு அடியில் ஒடுங்கியது.

தெர்மாமீட்டருக்கு நீலகிரியில் தனிப் பாடம் உண்டு. தை மாதக் குளிரில் அதை இயக்கினால் `Lo` என்றுதான் காட்டும். அளவு வரம்பின் அடியைவிட அறை குளிர்ந்திருக்கிறது என்று பொருள், பழுது இல்லை. ஒரு கோப்பையில் உடல் சூட்டுக்கு வெந்நீர் கலந்து, உலோக முனையை மட்டும் அமிழ்த்தினேன். பீப் ஒலித்ததும் எடுத்தால், எட்டிய உச்ச அளவு அப்படியே நிற்கும். துடைத்து வைத்துப் படமெடுக்க அவகாசம் கிடைக்கும். முதல் முறை நீர் சற்றுச் சூடாகி 101.2 வந்தது. அணைத்து மீண்டும் இயக்கி நீரை ஆற்றி எடுத்தபோது 98.4. குளிரில் வைத்திருந்த பொருளை அடுப்பறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் திரைமீது பனிக்கும். அரைமணி நேரம் மூடிய பைக்குள் விட்டு வெளியே எடுத்தேன்.

படங்களைப் பார்த்த அண்ணனுக்குத் திருப்தி. ஆனால் இரண்டு யோசனைகள் சொன்னார். தெர்மாமீட்டர் பக்கத்தில் கடையின் நீலகிரித் தைலப் புட்டியை வைக்கலாம், 101.2 படத்தையும் 98.4 படத்தையும் அடுத்தடுத்துப் போடலாம் என்றார். இரண்டையும் மறுத்தேன். புட்டியும் இறங்கிய எண்ணும் சேர்ந்தால், ஒரு வார்த்தை எழுதாமலே தைலம் காய்ச்சலைத் தணித்தது என்று படம் சொல்லிவிடும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தில், மருந்தால் தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் காய்ச்சலும் இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. துண்டறிக்கை, லேபிள், உறை எல்லாமே அதன் பார்வையில் விளம்பரம். பிபி கருவிக்கும் அதே கணக்குத்தான்: 134க்குப் பக்கத்தில் 122 வந்தால், அருகில் இருக்கும் பொருள் எதுவானாலும் மருந்தாகிவிடும்.

“அப்படியானால் புட்டியைத் தனியாக எடுத்துக் கொடு” என்றார். எடுத்தேன், அதற்குத் திரை கிடையாது, பத்து நிமிட வேலை. 101.2 படத்தை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன்.