‘தெருவுல தண்ணி நிக்குது’: வார்டு புகார் மேசையில் நான்கு வருடம்

சென்னையில் ஒரு வார்டு அலுவலகத்தின் புகார் மேசையில் நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் வருவதும் ஆப்பில் வருவதும் நேரில் வந்து சொல்வதும் என் திரையில் ஒரே வரிசையாக விழும். ஒவ்வொன்றுக்கும் வகை போட்டு, கெடு போட்டு, எந்த கேங்குக்கு என்று தட்டிவிட்டால் மேஸ்திரியின் ஃபோனில் வேலையாகப் போய் நிற்கும். முடித்ததும் அவர் ஃபோட்டோ ஏற்றி மூடுவார். நோட்டில் எழுதிவைத்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதை யாரும் மறைக்க முடியாது. இத்தனை நாள் பழகியதில் எனக்குப் புரிந்தது, புகாரும் வேலையும் ஒன்றில்லை என்பதுதான். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதி தப்பு நடக்கிறது.

அதிகம் வரும் புகார் ‘தெருவுல தண்ணி நிக்குது’. சொல்பவருக்கு அது ஒரே விஷயம். எனக்கு அது குறைந்தது மூன்று. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வடிகாலில் அடைப்பு என்றால் எங்கள் கேங் போய் வண்டல் தொட்டியைத் திறந்து தூர் வார வேண்டும். சாக்கடை பொங்கினால் வாரியத்தின் டிபோவிலிருந்து, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வர வேண்டும். குடிநீர்க் குழாய் கசிந்தால் தோண்டிச் சரிசெய்ய வேண்டும். தெருவில் நிற்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

போன வருடம் செப்டம்பரில் ஒரு குறுக்குத் தெரு எனக்குப் பாடம் எடுத்தது. முதல் புகாரை ‘மழைநீர் தேக்கம்’ என்று நான்தான் பதிந்தேன். முந்தின நாள் ஒரு தூறல் விழுந்திருந்தது. கேங் மதியம் போனது. தண்ணீர் கொஞ்சம்தான் கிடந்தது, தள்ளிவிட்டு ஃபோட்டோ எடுத்து மூடினார்கள். மூன்று நாள் கழித்து வேறொருவர் அதே இடத்தைப் ‘பள்ளம்’ என்று ஆப்பில் போட்டார். அது ரோடு கேங்குக்குப் போனது, கலவை கொட்டி நிரப்பினார்கள், ஒரே வாரத்தில் உள்வாங்கிவிட்டது. அப்புறம் ‘கொசு’ என்று ஒரு புகார், அது சுகாதாரப் பிரிவுக்கு. இரண்டு வாரத்தில் அந்த ஒரு பள்ளத்தைப் பற்றி ஏழு புகார் எண்கள். ஏழுமே திரையில் பச்சை. தெருவில் தண்ணீர் அப்படியே.

முடிச்சை அவிழ்த்தது ஒரு பாட்டி. எட்டாவதாகக் கூப்பிட்டவர். கோபமே இல்லாமல் சொன்னார்: “தம்பி, உங்க ஆளுங்க மத்தியானம் வந்து பாக்குறாங்க. அப்ப அது வடிஞ்சிருக்கும். விடிகாலம் அஞ்சரைக்கு வந்து பாருங்க, சுத்தமான தண்ணி, நாத்தமே இல்ல.”

அந்தத் தெருவுக்குக் காலையில்தான் குடிநீர் விடுவார்கள். அழுத்தம் ஏறும்போது தண்ணீர் மேலே வருகிறது, நிறுத்தினதும் வடிகிறது. அன்றே டிபோவுக்கு மாற்றினேன். மறுநாள் காலை அவர்கள் ஆள் தேங்கின தண்ணீரைக் குப்பியில் பிடித்து, குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார். லேசாக மஞ்சள் தட்டியது. வீடுகளுக்குப் போகும் குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தர விதி. அதனால் மஞ்சள் வந்தால் அது குழாய்த் தண்ணீர். வராவிட்டால் குழாய்த் தண்ணீர் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அழுக்கோடு சேர்ந்து வெயிலில் கிடந்தால் குளோரின் போய்விடும். தோண்டிப் பார்த்தபோது மெயின் குழாயிலிருந்து ஒரு வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் கசிவு. கசிந்த நீர் மண்ணை அரித்துக்கொண்டே இருந்ததால்தான் மேலே போட்ட கலவை உள்வாங்கியிருக்கிறது.

அதன் பிறகு வகையைத் தொடும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன். மழை இல்லாத நாளிலும் நிற்கிறதா? எந்த நேரத்தில் ஏறுகிறது? நாற்றம் உண்டா? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறிப்புப் பெட்டியில் தட்டிவிடுகிறேன், மேஸ்திரிக்கு அதுதான் உதவும். நாற்றம் என்றால் கூடுதல் கவனம். சாக்கடைப் புகார் தப்பித்தவறி எங்கள் கை ஆட்களுக்குப் போய்விடக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் கையில் கம்பியோடு நான்கு பேர் தெருவில் வந்து நின்றால், “மூடியத் திறந்து கொஞ்சம் பாருங்கப்பா” என்று சுற்றி நிற்பவர்கள் நெருக்குவார்கள். நான் தப்பாக ஒரு வகையைத் தேர்ந்தால் அந்த நெருக்கடிக்குள் ஒரு ஆளைத் தள்ளுகிறேன். இதை ஒருநாளும் நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏழு எண்களும் ஒன்று என்று மென்பொருள் ஏன் காட்டவில்லை? ஒருவர் ‘2வது குறுக்குத் தெரு’ என்றார், இன்னொருவர் ‘செகண்ட் கிராஸ்’, மூன்றாமவர் பக்கத்துக் கோயில் பெயரை மட்டும் போட்டார். வரைபடப் புள்ளியையும் நம்ப முடியாது. சந்துகளுக்குள் சில மீட்டர் தள்ளி விழுந்தாலே அடுத்த தெருவாகிவிடும், ஆஃபீஸில் உட்கார்ந்து புகார் போட்டால் புள்ளி ஆஃபீஸில் விழும். வகை வேறானால் வரிசையே வேறு, கண்ணில் படவே படாது. இப்போது தினமும் சாயங்காலம் வகையை மறைத்துவிட்டுத் தெருவாரியாக அடுக்கிப் பார்க்கிறேன், மூடினவற்றையும் சேர்த்து. ஒரே தெருவில் பதினைந்து நாளில் மூன்று வந்திருந்தால் ஒன்றைத் தாய்ப் புகாராக வைத்து மற்றதை அதோடு இணைக்கிறேன். தாய் முடிந்தால்தான் பிள்ளைகள் மூடும்.

தெருவிளக்கிலும் இதே கதை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது. அடுத்தடுத்த நான்கு கம்பம் அணைந்திருந்தால் பல்பு போனதாக இருக்காது, ஸ்விட்ச் பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு. ஏணி வண்டியை அனுப்பிப் பிரயோசனமில்லை. பகலில் எடுத்த ஃபோட்டோவோடு மூடின விளக்குப் புகாரை நான் ஏற்பதில்லை, இரவு ஏழு மணிக்கு மேல் எடுத்த படம் வேண்டும்.

என்னை இன்னும் உறுத்துவது ஒன்று இருக்கிறது. வேறு துறைக்கு மாற்றியதும் எங்கள் திரையில் புகார் முடிந்ததாகிவிடுகிறது, கெடு ஓடுவதும் நிற்கிறது. புகார் தந்தவருக்கு ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி போகிறது. அந்தத் தெருவில் அப்போது ஒரு கல்கூடப் பெயர்ந்திருக்காது. ‘மாற்றப்பட்டது, வேலை பாக்கி’ என்று தனியாக ஒரு நிலை வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. அதனால் மாற்றும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் பெயரிலேயே ஒரு வேலை திறந்து வைக்கிறேன், மூன்றாம் நாள் கெடுவோடு. அன்று டிபோவையும் கூப்பிடுவேன், புகார் தந்தவரையும் கூப்பிடுவேன். பாட்டியை அப்படிக் கூப்பிட்டது காலை ஆறு மணிக்கு. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “காஞ்சு கெடக்குப்பா” என்றார். அப்புறம்தான் என் பெயரில் திறந்துவைத்த வேலையை மூடினேன்.