படிக்கும் மேசையாக ஓர் உலாவி: குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ்

உட்லண்ட்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்நிலை 4 படிக்கும் அவள் மகள், "சித்தி, அந்தக் கட்டுரை திறந்துதான் இருக்கு, எங்கேன்னு தெரியல" என்று திரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன்: 27 டேப். அந்த மடிக்கணினித் திரையின் அகலம் 1366 பிக்சல். வகுத்தால் ஒரு டேப்புக்கு 50 பிக்சல்தான் வருகிறது. அதில் சின்னமும் ஓரிரு எழுத்தும் தெரிந்தால் அதிகம். கூகல் டாக்ஸ் கோப்புகள் மட்டும் ஒன்பது, எல்லாவற்றுக்கும் ஒரே நீலச் சின்னம்.

அன்றைக்கே மூன்று உலாவிகளையும் அவளுக்காக அமைத்துப் பார்க்கத் தொடங்கினோம். வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி, பள்ளிக்குக் குரோம்புக். இரண்டுக்கும் ஒரே முடிவு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிய டேப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். வேறு எதையோ தேட `Ctrl+T` அழுத்துகிற அந்த ஒரு நொடியில்தான் கவனம் வேறு பக்கம் போகிறது. எட்ஜில் அந்தப் பக்கம் செய்தித் துணுக்குகளோடு வரும். மேல் வலது மூலையில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டால் செய்தியையும் பின்னணிப் படத்தையும் விரைவு இணைப்புகளையும் தனித்தனியே அணைக்கலாம். அணைத்த பிறகு பக்கம் நன்றாகவே சுத்தமாகிறது, ஆனால் நடுவில் தேடல் பெட்டி இருந்தே தீரும்.

குரோமில் செய்தித் தொல்லை இல்லை. அங்கே சிக்கல் தேடல் பெட்டிக்குக் கீழே இருக்கும் குறுக்குவழிகளில். "Most visited sites" என்ற தேர்வில் இருந்தால் அடிக்கடி போகும் தளங்கள் தாமாகவே அங்கே வந்து உட்கார்ந்துவிடும். விடுமுறையில் இரண்டு வாரம் காணொளி பார்த்தவளுக்கு, பள்ளி திறந்த அன்று முதல் சின்னமாக நின்றது காணொளித் தளம்தான். கீழ் வலது மூலைப் பென்சிலைத் தொட்டு "My shortcuts" என்று மாற்றினோம். மாணவர் கற்றல் தளம், பள்ளி மின்னஞ்சல், அகராதி, கோப்புகள் என நான்கை மட்டும் கையால் சேர்த்தோம். நாமாக மாற்றாதவரை அந்த நான்கு மட்டுமே நிற்கும்.

ஃபயர்பாக்ஸ்தான் இதில் ஒரு படி மேல். முகவரிப் பட்டையில் `about:preferences#home` என்று தட்டி, புதிய டேப்புக்கு "Blank Page" என்று கொடுத்தால் போதும். பெட்டியும் இல்லை, சின்னமும் இல்லை, வெறும் பக்கம். மற்ற இரண்டிலும் இதற்கு நீட்சி ஒன்றை நிறுவ வேண்டும். ஒரு வெற்றுப் பக்கத்துக்காக மூன்றாமவர் நீட்சிக்கு அனுமதி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று: தொடக்கப் பக்கம் வேறு, புதிய டேப் பக்கம் வேறு. குரோமிலோ எட்ஜிலோ உலாவியைத் திறக்கும்போது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அமைப்பில் மாற்றிவிட்டு, `Ctrl+T` அழுத்தினால் ஏன் பழைய பக்கமே வருகிறது என்று பலர் குழம்புகிறார்கள். அந்த அமைப்பு புதிய டேப்பைத் தொடுவதே இல்லை.

அடுத்து டேப் வரிசை. எட்ஜ் 2021இலேயே செங்குத்து டேப்புகளைக் கொண்டுவந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் அவை 2025 மார்ச்சில் வெளியான 136ஆம் பதிப்பில் வந்தன. டேப்புகள் இடப்பக்கம் பட்டியலாக இறங்கும்போது ஒவ்வொன்றின் தலைப்பையும் வாசிக்க முடிகிறது. எட்ஜில் `Ctrl+Shift+,` அழுத்தினால் செங்குத்துக்கு மாறும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். ஆனால் மாற்றிய பிறகும் மேலே ஒரு வெற்றுப் பட்டை நின்று இடத்தை அடைக்கலாம். "Hide title bar while in vertical tabs" என்ற அமைப்பை இயக்கினால்தான் அது போகும். உயரம் 768 பிக்சலே உள்ள திரையில் ஒரு பட்டை குறைந்தாலும் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி தெரியும். ஃபயர்பாக்ஸில் இந்த வேலை இல்லை, மேல் வரிசை தானாகவே மறைந்துவிடுகிறது.

செங்குத்து டேப்புக்கும் ஒரு விலை உண்டு. கேள்வித்தாளை ஒரு பாதியிலும் விடைக் குறிப்பை மறுபாதியிலும் வைப்பது அவள் வழக்கம். 1366இல் பாதி 683. பக்கப் பட்டை 220 பிக்சல் எடுத்துக்கொண்டால் மிச்சம் 463தான். அந்த அகலத்தில் பல தளங்கள் கைப்பேசி வடிவத்துக்குச் சுருங்கிவிடுகின்றன. இரண்டு சாளரம் என்றால் பட்டையும் இரண்டு. பட்டையைச் சுருக்கினால் சின்னங்கள் மட்டும் மிஞ்சும், ஒன்பது நீலச் சின்னம் என்ற பழைய கதை திரும்பிவிடும். எட்ஜில் சுருங்கிய பட்டைமேல் சுட்டியைக் கொண்டுபோனால் விரிந்து காட்டும், அது பெரிய உதவி.

தலைப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வலிக்கிறது. அவளுடைய கோப்புகள் "தமிழ் கட்டுரை பயிற்சி 3", "தமிழ் கட்டுரை பயிற்சி 4" என்று இருந்தன. எந்த உலாவியும் தலைப்பின் வால் பகுதியைத்தான் வெட்டும். அதனால் எல்லாமே "தமிழ் கட்…" என்று நின்றன. "3 நீர்ச் சிக்கனம்", "4 மூத்தோர்" என்று பெயர் மாற்றியதும், எந்த உலாவியானாலும் தேடுவது பாதியாகக் குறைந்துவிட்டது.

குரோமின் பலம் டேப் குழு. டேப்பில் வலச்சொடுக்கி, புதிய குழுவில் சேர்த்து, பெயரும் நிறமும் கொடுக்கலாம். பெயரைத் தொட்டால் குழு முழுதும் ஒரு சிறு சீட்டாக மடங்கும். தமிழ், வேதியியல், கணிதம், மனிதவியல் என்று நான்கு சீட்டு. ஒன்று விரிந்திருக்கும்போது மற்ற மூன்றும் மடங்கியிருக்கின்றன, மேல் வரிசை அதற்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்தின் அகலமும் குறையவில்லை. எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் குழுக்கள் உண்டு, செங்குத்துப் பட்டியலுக்குள் அவை இன்னும் தெளிவாகத் தெரியும்.

உலாவியின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்றும் தீம்கள் பற்றி நிறையச் சொல்ல இல்லை. படம் போட்ட தீம்களில் டேப் எழுத்து மங்கிப்போகிறது, அதனால் ஒற்றை நிறமே நல்லது. உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: படிப்புக்கு ஒரு சுயவிவரம், பொழுதுபோக்குக்கு இன்னொன்று, இரண்டுக்கும் வேறு வேறு நிறம். படிப்புக்குக் கரும்பச்சை வைத்தோம். தவறான சாளரத்தில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சரி, முடிவு. குரோம்புக்கில் குரோமேதான்: கையால் சேர்த்த நான்கு குறுக்குவழி, நான்கு டேப் குழு. பள்ளி நிர்வகிக்கும் சாதனத்தில் சில அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கலாம். பட்டன் சாம்பல் நிறமாக இருந்தால் `chrome://policy` பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த அமைப்பு அங்கே பட்டியலில் இருந்தால் பள்ளி வைத்த விதி அது, சுற்றுவழி தேட வேண்டாம்.

வீட்டு மடிக்கணினிக்கு நான் எட்ஜையும் ஃபயர்பாக்ஸையும் மாறி மாறி எடைபோட்டேன். பட்டை விரிவதில் எட்ஜ் எனக்கு அதிகம் பிடித்தது. எப்போதும் இரண்டு சாளரத்தோடு வேலை செய்கிறவர் என்றால் எட்ஜையே சொல்வேன். ஆனால் இவளுக்குத் தடுமாற்றம் `Ctrl+T`யில்தான் இருந்தது. அதனால் ஃபயர்பாக்ஸ், வெற்றுப் பக்கம், செங்குத்து டேப். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைக்கும் நேரத்தில் மட்டும் பட்டையைச் சுருக்கிக்கொள்கிறாள். போன வாரம் பார்த்தபோது ஏழு டேப் திறந்திருந்தது. கட்டுரை 4 மேலிருந்து இரண்டாவதாக இருந்தது.